நெயில் பாலிஷ் துணிலயும் மரத்துலயும் கொட்டிட்டா எப்படி எடுக்கிறது, அசிடோன் எந்தத் துணியைக் கரைக்கும்

எங்க அண்ணனோட கோட் ஒண்ணு இருந்துச்சு, ரிசப்ஷனுக்குத் தச்சது, அதோட உள்பக்க லைனிங்ல ஒரு நாள் சிவப்பு நெயில் பாலிஷ் ரெண்டு சொட்டு பட்டுடுச்சு. நான் தான் எடுத்துத் தர்றேன்னு வாங்கி, ரிமூவரை பஞ்சுல நனச்சு அழுத்தித் தேச்சேன். காட்டன் சட்டைல எத்தனையோ தடவை எடுத்திருக்கேன், அதே மாதிரி வந்துடும்னு நெனச்சேன். பாலிஷ் இளகுச்சு, சந்தோஷமா இன்னும் கொஞ்சம் ஊத்தித் தேச்சா துணியும் சேர்ந்து பிசுபிசுன்னு பஞ்சோட ஒட்டிக்கிட்டு வந்துச்சு. காய்ஞ்ச பிறகு பாத்தா ஒரு ரூபாய் காசு அளவுக்கு ஓட்டை, சுத்தி ஓரமெல்லாம் பிளாஸ்டிக் உருகினா இறுகுற மாதிரி கட்டியா. அன்னிக்கு வந்த வருத்தத்துல தான் இது ஏன் இப்படி ஆகுதுன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன், அதுக்கப்புறம் வீட்ல, சொந்தக்காரங்க வீட்லன்னு நெறைய கறை எடுத்துட்டேன். தெரிஞ்சதை எல்லாம் முழுசா எழுதுறேன்.

மொதல்ல ஏன்னு தெரிஞ்சுக்கோங்க, அப்ப தான் எங்க நிறுத்தணும்னு தெரியும்

சாதாரண நெயில் பாலிஷ்ல நகத்து மேல தோல் மாதிரி படியுற பொருள் நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சுல இருக்கிற அதே செல்லுலோஸை நைட்ரிக் ஆசிட் கலவைல போட்டு மாத்தினது தான் அது. அதை எத்தில் அசிடேட், பியூட்டைல் அசிடேட் மாதிரி சால்வென்ட்ல கரைச்சு, கலரும் பிசினும் சேத்து பாட்டில்ல அடைக்கிறாங்க. நகத்துல தடவினா சால்வென்ட் பறந்துடும், படலம் நிக்கும். இங்க வேற எந்த ரசாயன மாற்றமும் நடக்கல, சால்வென்ட் பறந்து காயுறது மட்டும் தான், அதனால மறுபடியும் சரியான சால்வென்ட் பட்டா அது திரும்ப இளகி பழைய மாதிரி திரவமாயிடும். அசிடோன் வேலை செய்யிறது இதனால தான். தண்ணியும் சோப்பும் எத்தனை தடவை போட்டாலும் ஒண்ணும் ஆகாததும் இதனால தான், அது அந்தப் படலத்துக்குள்ள போகவே போகாது.

இப்ப அந்த கோட் லைனிங்குக்கு வர்றேன். பளபளன்னு வழுக்குற அந்த மாதிரி லைனிங் துணில சிலதை அசிடேட்னு ஒரு நூல்ல நெய்றாங்க. அசிடேட்டும் செல்லுலோஸ்ல இருந்து வந்தது தான், நைட்ரிக் ஆசிடுக்குப் பதிலா அசிடிக் ஆசிட் கலவைல போட்டு மாத்தினது. அதாவது நெயில் பாலிஷும் அசிடேட் துணியும் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க. அந்தத் தாய் செல்லுலோஸ். பருத்தில செல்லுலோஸ் சங்கிலிகள் ஒண்ணோட ஒண்ணு இறுக்கமா கைகோத்து நிக்கும், அசிடோன் உள்ள நுழைய முடியாது, அதனால காட்டன் துணிக்கு எதுவும் ஆகாது. அந்தக் கைகளைப் பிரிச்சு நுனில வேற குழுவை ஒட்ட வச்சதும் இடைவெளி விழுது, அசிடோன் அந்தக் குழுக்களோட நல்லா ஒட்டிக்கும், உள்ள போய் சங்கிலிகளைத் தனித்தனியா பிரிச்சு எடுத்துடும். பாலிஷைக் கரைக்கிற அதே காரணம் துணியையும் கரைக்குது, கறையை மட்டும் எடுத்துட்டுத் துணியை விட்டுடுன்னு அசிடோன்கிட்ட சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம் படிச்சப்ப எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. முதல் உலகப் போர்ல ஏரோப்ளேன் இறக்கைகள் துணியால தான் செய்வாங்க, அந்தத் துணி விறைப்பா நிக்க அசிடோன்ல கரைச்ச செல்லுலோஸ் அசிடேட்டைப் பூசுவாங்க. ஸ்விட்சர்லாந்துல இருந்து இங்கிலாந்து போன டிரைஃபஸ் சகோதரர்கள் அதுக்காகப் பெரிய ஃபேக்டரி கட்டினாங்க. 1918ல போர் முடிஞ்சதும் பூச்சுக்குத் தேவை விழுந்துடுச்சு, அப்ப அந்த அசிடோன் கரைசலையே சின்னச் சின்ன ஓட்டை வழியா சூடான காத்துக்குள்ள பீச்சி, அசிடோனைப் பறக்க விட்டு நூலா எடுத்தாங்க. இன்னிக்கும் அசிடேட் நூல் செய்யிற முறை பெரும்பாலும் அதான். அசிடோன்ல இருந்து பொறந்த நூல் மேல மறுபடி அசிடோனை ஊத்தினா அது திரும்ப கரைசலாத்தான் ஆகும்.

அப்போ எல்லா சிந்தெடிக் துணியும் கரைஞ்சிடுமான்னா இல்ல, இந்த இடத்துல தான் நெறைய பேர் குழம்புறாங்க. அசிடேட் நேரா கரையும், ட்ரை-அசிடேட் ஊறி உருக்குலையும், மாட்அக்ரிலிக்னு ஒண்ணு இருக்கு, சில விக் முடி, ரோமம் மாதிரி இருக்கிற போர்வை, ஜாக்கெட் காலர்ல வரும், அதுவும் கரையும். பாலியெஸ்டரும் நைலானும் ரூம் சூட்டுல அசிடோனுக்குக் கரையாது. ஆனா பாலியெஸ்டருக்குப் போடுற சாயம் வேற மாதிரி, அது நூலுக்குள்ள கரைஞ்சு உக்காந்திருக்கும், அசிடோன் அதுல கொஞ்சத்தை வெளிய இழுத்துட்டு வரும், அதனால நூல் நல்லா இருந்தும் அந்த எடம் வெளுத்துப் போயிடும். அது மேல ஒட்டியிருக்கிற கோல்டு பிரின்ட், கல், சம்க்கி, ரப்பர் பிரின்ட், பிளாஸ்டிக் பட்டன் இதெல்லாம் தனிக்கதை, அதுவோ அதுக்குப் போட்ட பசையோ கரைஞ்சிடலாம். ரெக்ஸின் பையோ சோபாவோ, பக்கத்துலயே அசிடோனைக் கொண்டு போகாதீங்க.

"அசிடோன் இல்லாத ரிமூவர்"னு கடைல விக்கிறதை எல்லாரும் துணிக்குப் பாதுகாப்புன்னு நெனக்கிறாங்க. அதுல அசிடோனுக்குப் பதிலா பெரும்பாலும் எத்தில் அசிடேட் இருக்கும். அதுவும் அசிடேட் துணியை இளக்கி உருக்குலைக்கும், கொஞ்சம் மெதுவா, அவ்வளவு தான். பாட்டில்ல எழுதின வார்த்தையை நம்பி அசிடேட்ல ஊத்தாதீங்க.

தொடுறதுக்கு முன்னாடி: இது என்ன துணி

லேபிள் இருந்தா பாருங்க. நம்ம ஊர்ல தச்ச துணில லேபிள் எங்க இருக்கும், அதனால உள்தையல் மடிப்புல இருந்து ஒரு இஞ்ச் நூல் ரெண்டு மூணு உருவி வச்சுக்கோங்க. இதுக்கு ரெண்டு சோதனை, எரிச்சுப் பாக்கிறது ஒண்ணு, அசிடோன்ல போடுறது ஒண்ணு. எரிக்கிறதை மொதல்ல முடிச்சுட்டு, தீயை அணைச்சுட்டு, அப்புறம் தான் அசிடோன் பாட்டிலையே எடுக்கணும், இந்த வரிசையை மாத்தவே கூடாது. அசிடோனோட ஆவி காத்தைவிட கனம், தரையோட ஊர்ந்து போகும், உறைய வைக்கிற குளிர்ல கூடத் தீப்பிடிக்கும், அடுத்த ரூம்ல எரியுற பூஜை விளக்கோ கேஸ் அடுப்போ போதும்.

இடுக்கில நூலைப் பிடிச்சு வெளில, சிமென்ட் தரைல வச்சு நுனில தீ வைங்க. காகிதம் எரியுற வாசனை வந்து மெத்துன்னு சாம்பலா உதிர்ந்தா காட்டன் இல்ல ரேயான். முடி கருகுற நாத்தம் வந்து சாம்பல் விரல்ல நசுங்கினா பட்டு இல்ல கம்பளி. உருகிச் சுருங்கி கருப்பு உருண்டையா, நசுக்கவே முடியாத கட்டியா நின்னா பாலியெஸ்டர் மாதிரி சிந்தெடிக். உருகி எரியும்போது வினிகர் மாதிரி புளிப்பு வாசனை வந்து, உருண்டை நகத்தால நசுக்கினா நொறுங்கினா அசிடேட்டா இருக்கலாம். மிக்ஸ் துணில இது குழப்பும். அப்ப ரெண்டாவது சோதனை தான் தீர்ப்பு சொல்லும். ஒரு எவர்சில்வர் மூடில ரெண்டு சொட்டு அசிடோன், நூலைப் போட்டு அஞ்சு நிமிஷம். ஊக்கு வச்சு இழுத்துப் பாருங்க, ஜவ்வு மாதிரி இழுபட்டாலோ காணாமப் போனாலோ அசிடோனை மூடி எடுத்து வச்சிடுங்க. டிஸ்போஸபிள் டம்ளர்ல மட்டும் ஊத்தாதீங்க, தெர்மோகோல் கப் கண்ணு முன்னாடியே கரையும்.

நூல் தப்பிச்சாலும் சாயம் தப்பிக்குமான்னு தனியா பாக்கணும். மடிப்புக்குள்ள ஒரு இடத்துல இயர்பட் வச்சு அசிடோன் தொட்டு, வெள்ளை டிஷ்யூவை ரெண்டு நிமிஷம் அழுத்தி வைங்க. டிஷ்யூல துணி கலர் ஏறினா அந்தத் துணில நீங்க எவ்வளவு நேரம் வேலை செய்யலாம்னு அது சொல்லிடும்.

எடுக்கிறது: போன பொங்கல் லீவுல நடந்தது

அக்கா பொண்ணு எட்டாவது படிக்கிறா, லீவுக்கு வந்தவ பாட்டியோட தேக்கு மேஜைல உக்காந்து மெரூன் கலர் நெயில் பாலிஷ் போட்டுக்கிட்டிருந்தா, பாட்டில் சாஞ்சிடுச்சு. மேஜை மேல உள்ளங்கை அளவு, அவளோட ஆஃப்-ஒயிட் காட்டன் டாப்ஸ்ல ஒரு எலுமிச்சம்பழ அளவு, பக்கத்துல கெடந்த துப்பட்டா ஓரத்துல அஞ்சாறு சொட்டு. அவ பதறிப்போய் துணியைக் கையால தேய்க்கப் போனா, நான் கையைப் பிடிச்சு நிறுத்திட்டேன். ஈரமா இருக்கும்போது தேச்சா அது நூலுக்குள்ள போறதோட பரப்பும் பெருசாயிடும்.

ஈரமா இருந்தா செய்ய வேண்டியது ஒரு ஸ்பூன் விளிம்பால ஓரத்துல இருந்து நடுப்பக்கமா அள்ளி எடுக்கிறது, அப்புறம் டிஷ்யூவை மேல வச்சு அழுத்தாம உறிஞ்ச விடுறது, அவ்வளவு தான். தண்ணி ஊத்தாதீங்க, ஈரமான நூலுக்குள்ள அசிடோனோட பலம் குறைஞ்சிடும். அயர்ன் பாக்ஸ் பக்கத்துலயே போகாதீங்க. காய்ஞ்சு போயிருந்தா துணியை மடக்கி, நகத்தாலயோ ஸ்பூனாலயோ மேல தடிமனா இருக்கிற தோலை எவ்வளவு உரிக்க முடியுமோ உரிச்சுடுங்க, கரைக்க வேண்டிய அளவு குறையும்.

டாப்ஸ் காட்டன்னு தெரியும், தையல்ல சோதிச்சேன், சாயம் வரல. கண்ணுல படுற ஜன்னல் எல்லாம் திறந்து, அடுப்பை அணைச்சுட்டு, பால்கனில உக்காந்தேன். மடிச்ச பழைய வெள்ளை வேட்டித் துண்டு மேல, கறை இருக்கிற நல்ல பக்கம் கீழ பாக்கிற மாதிரி கவுத்துப் போட்டேன். இது முக்கியம், பாலிஷ் மேல் பக்கத்துல இருந்து உள்ள வந்துச்சு, அதனால பின்பக்கத்துல இருந்து அசிடோன் விட்டா வந்த வழியே கீழ இருக்கிற துண்டுக்குப் போயிடும், மேல இருந்து விட்டா இன்னும் ஆழமா துணிக்குள்ள இறக்கி விடுறோம்.

அசிடோன் எதுன்னா, பார்லர் பொருள் விக்கிற கடைலயோ கெமிக்கல் கடைலயோ கெடைக்கிற கலர் வாசனை எதுவும் இல்லாத சுத்த அசிடோன். ரிமூவர்ல நகம் காயாம இருக்க எண்ணெய் சேத்திருப்பாங்க, அது துணில தனி எண்ணெய்க் கறையா நிக்கும், ரோஸ் கலர் ரிமூவரா இருந்தா அந்தக் கலரும் வெள்ளைத் துணில படியும். பெயின்ட் கடை தின்னர் வேண்டவே வேண்டாம், அது பல சால்வென்ட் கலந்தது, எது எதை கரைக்கும்னு சொல்ல முடியாது, நாத்தமும் போகாது.

பஞ்சுல அரை டீஸ்பூன் அளவு நனச்சு, கறையோட வெளி ஓரத்துல இருந்து உள்பக்கமா தட்டித் தட்டி வச்சேன், தேய்க்கல. பத்து செகண்ட்ல கீழ துண்டுல மெரூன் வட்டம் இறங்கிடுச்சு. உடனே துண்டை நகர்த்தி சுத்தமான இடத்துக்குக் கொண்டு வரணும், பஞ்சையும் மாத்தணும். இந்த நகர்த்துற வேலைல சோம்பேறித்தனம் பட்டா தான் பாதி கறை கெட்டுப் போகுது, ஏன்னா அசிடோன் நிமிஷத்துல பறந்துடும், கரைஞ்ச பாலிஷ் நகராம அங்கயே மறுபடி படியும், சுத்தி ஒரு வளையம் விழும். வளையம் தெரிஞ்சா நீங்க அதிகமா ஊத்துறீங்க, குறைவா உறிஞ்சுறீங்கன்னு அர்த்தம். கிட்டத்தட்ட பதினாலு தடவை இடம் மாத்தினேன், நாப்பது மில்லி போல ஆச்சு, அரை மணி நேரம் ஆச்சு. கடைசி மூணு தடவை துண்டுல கலரே இறங்கல, தடவிப் பாத்தா துணி மெத்துன்னு ஆயிடுச்சு. படலம் முழுசா போச்சுன்னு அதுல தெரிஞ்சுக்கலாம், கொஞ்சமாவது விறைப்பா இருந்தா இன்னும் பாலிஷ் உள்ள இருக்கு.

ஆனா லேசா ரோஸ் கலர்ல ஒரு நிழல் நின்னுச்சு. படலம் போன பிறகும் கலர்ப்பொடி, சாயம் கொஞ்சம் நூல்ல மாட்டிக்கும், அதுக்கு அசிடோன் உதவாது, எவ்வளவு ஊத்தினாலும் வீண். துணியை வெயில்ல நல்லா காய வச்சு, வாசனை முழுசா போன பிறகு தண்ணில அலசி, சோப்பு போட்டுத் துவைச்சேன். அப்பவும் நிழல் இருந்ததால மெடிக்கல்ல வாங்கின 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தொட்டு இருபது நிமிஷம் விட்டு அலசினேன், ரெண்டாவது தடவைல போயிடுச்சு. வெள்ளைக்கும் ஆஃப்-ஒயிட்டுக்கும் மட்டும் தான் இது. கலர் துணின்னா உள்தையல்ல சோதிக்காம பெராக்சைடு தொடக் கூடாது.

இங்க ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆகணும். அசிடோன் ஈரத்தோட ப்ளீச் திரவம் சேர்ந்தா குளோரோஃபார்ம் உருவாகும், பெராக்சைடையும் அசிடோனையும் ஒரே கிண்ணத்துல கலக்கவே கூடாது, அது வெடிக்கிற பொருளா மாறலாம். ஒண்ணு முழுசா காய்ஞ்சு அலசின பிறகு தான் அடுத்தது. அசிடோன் ஈரத்தோட துணியை வாஷிங் மெஷின்ல போடுறதும் கூடாது.

துப்பட்டாவுக்கு வந்தா, நூலை எரிச்சப்ப நசுங்காத கருப்பு உருண்டை, அசிடோன்ல அஞ்சு நிமிஷம் கெடந்தும் முழுசா இருந்துச்சு, அப்போ பாலியெஸ்டர். ஆனா மடிப்புல சோதிச்ச டிஷ்யூல லேசா நீலம் ஏறுச்சு. அதனால முறையை மாத்தினேன். பஞ்சு இல்ல, இயர்பட். ஒவ்வொரு சொட்டா எடுத்து, கீழ டிஷ்யூ வச்சு, தொட்ட மூணு செகண்ட்ல மேல இருந்தும் டிஷ்யூ அழுத்தி உறிஞ்சுட்டேன், அடுத்த தொடல் அது காய்ஞ்ச பிறகு தான். பாலியெஸ்டர் நூல் திரவத்தைப் பெருசா உள்ள வாங்காது, பாலிஷ் மேலயே ஒட்டிக்கிட்டிருக்கும், அதனால காட்டனைவிட சீக்கிரமே வந்துடும், இது நல்ல விஷயம். அஞ்சு சொட்டு சுத்தமா போச்சு. ஒண்ணு கோல்டு பிரின்ட் பார்டர் பக்கத்துல இருந்துச்சு, அதை நான் தொடல, காய்ஞ்சதும் நகத்தால உரிச்சதோட விட்டுட்டேன், ஒரு புள்ளி இன்னும் இருக்கு. தொட்டிருந்தா பிரின்ட் ஒரு விரக்கடை போயிருக்கும்.

பட்டுப்புடவைல பட்டா பட்டு நூல் அசிடோனுக்குக் கரையாது. ஜரிகைல தான் பிரச்சனை. வெள்ளி இழைல தங்கமுலாம் போட்ட அசல் ஜரிகை தாங்கும், ஆனா இப்ப நெறைய வர்ற இமிடேஷன் ஜரிகை பிளாஸ்டிக் படலத்துல உலோகம் பூசி மேல கலர் லேக்கர் போட்டது, அந்த லேக்கர் போனா தங்கக்கலர் வெள்ளியா மாறிடும். பட்டுப்புடவையை வீட்ல முயற்சி பண்ணாம ட்ரை க்ளீனிங்குக்குக் குடுக்கிறது தான் நல்லதுன்னு நான் நெனக்கிறேன்.

அசிடேட்னு தெரிஞ்சுட்டா

உண்மையைச் சொல்லணும்னா வீட்ல செய்யக்கூடியது ரொம்பக் கொஞ்சம். பாலிஷ்ல இருக்கிற சால்வென்ட்டே விழுந்த நொடில இருந்து அந்தத் துணியை இளக்க ஆரம்பிச்சிருக்கும், அதனால ஈரமா இருக்கும்போது அழுத்தினா இளகின நூலும் பாலிஷும் ஒண்ணாக் கலந்து ஒட்டிடும். மேல கட்டியா நிக்கிறதை மட்டும் ஸ்பூனால தூக்கி எடுத்துட்டு, ஒரு நாள் முழுக்க தொடாம காய விடுங்க. நல்லா இறுகின பிறகு ஒரு பிளாஸ்டிக் கவர்ல ஐஸ் கட்டி வச்சு பத்து நிமிஷம் அந்த இடத்துல வைங்க, பாலிஷ் மொறுமொறுன்னு ஆகும், துணியை விரல் மேல வளைச்சு ஓரத்துல இருந்து மெதுவா உரிச்சா சாட்டின் மாதிரி வழவழன்னு இருக்கிறதுல துண்டு துண்டா வந்துடும். நூல் கூடவே தூக்கிக்கிட்டு வர்ற மாதிரி தெரிஞ்சா அங்கயே நிறுத்திடுங்க.

மீதிக்கு ட்ரை க்ளீனர். குடுக்கும்போது "கறை" னு மட்டும் சொல்லாம, நெயில் பாலிஷ், எப்ப பட்டுச்சு, நீங்க என்ன போட்டீங்க, துணி அசிடேட்டா இருக்கலாம்னு சொல்லுங்க. அமைல் அசிடேட்னு வாழைப்பழ வாசனை அடிக்கிற ஒரு சால்வென்ட் உண்டு, தெரிஞ்சவங்க அசிடேட்டுக்கு அசிடோனைத் தவிர்த்து அதைத் தான் எடுப்பாங்க, அதுவும் சோதிச்சுட்டு. விவரம் சொல்லாம குடுத்தா அவங்களும் நான் பண்ணின தப்பையே பண்ணலாம். கரைஞ்சு ஓட்டை விழுந்ததை எதுவும் திரும்பக் கொண்டு வராது. அண்ணன் கோட்டுக்குக் கடைசில லைனிங் முழுசா மாத்தித் தச்சோம்.

மரத்துல

மரம் அசிடோனுக்குக் கரையாது, அதுக்கு மேல போட்டிருக்கிற மரப் பாலிஷ் தான் கரையும். நம்ம வீட்டுப் பழைய மேஜை, பீரோ, கட்டில் எல்லாம் பெரும்பாலும் அரக்கை ஸ்பிரிட்ல கரைச்சுப் பூசின பாலிஷ். அதுக்கு அப்புறம் வந்தது என்சி லேக்கர், என்சின்னாலே நைட்ரோசெல்லுலோஸ் தான், அதாவது நெயில் பாலிஷும் அந்த மேஜைப் பூச்சும் ஒரே பொருள். அசிடோன் தொட்டுத் துடைச்சா ரெண்டும் சேர்ந்து வழிச்சுட்டு வரும், மரம் வெளிறித் தெரியும். இப்போ போடுற மெலமைனும் பியூவும் ரெண்டு திரவம் கலந்து ரசாயன முறைல இறுகுறது, அது சாதாரணமா கரையாது.

உங்களோடது எதுன்னு தெரிய, மேஜைக்கு அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்துல இயர்பட்ல ஸ்பிரிட் தொட்டு ஒரு நிமிஷம் வைங்க. விரல்ல பிசுபிசுத்தா அரக்கு. ஒண்ணும் ஆகலைன்னா வேற இடத்துல அசிடோன் ஒரு சொட்டு, பிசுபிசுத்தா என்சி, சுருங்கித் தோல் மாதிரி தூக்கினா எண்ணெய் வார்னிஷ், எதுவும் ஆகலைன்னா மெலமைனோ பியூவோ.

மெலமைன், பியூ, சன்மைக்கானா வேலை சுலபம். காய்ஞ்சதை பழைய ஏடிஎம் கார்டு விளிம்பால தள்ளி எடுத்துட்டு, மிச்சத்தை அசிடோன் லேசா தொட்ட துணியால ரெண்டு செகண்ட் துடைச்சு, உடனே ஈரத்துணியால துடைச்சுடுங்க. ஓரத்துல இருக்கிற பிளாஸ்டிக் பட்டி மேல மட்டும் படாம பாத்துக்கோங்க.

பாட்டி மேஜை அரக்கு. அதுல செய்ய வேண்டியது ஆரம்பத்துல மனசுக்கு ஒத்து வராது, ஈரமா இருக்கிறதைத் துடைக்காம விடணும். நெயில் பாலிஷ்ல இருக்கிற சால்வென்ட் கீழ இருக்கிற அரக்கையும் இளக்கியிருக்கும், இப்ப துடைச்சா அது ரெண்டும் சேர்ந்து போகும், விட்டுட்டா சால்வென்ட் பறந்து கீழ இருக்கிறது திரும்ப இறுகிடும். தேங்கி நின்னதை மட்டும் டிஷ்யூ நுனியால தொட்டு உறிஞ்ச விட்டேன், மேஜை மேல டிஷ்யூவை அழுத்தல. பாட்டிக்குப் பொறுக்கல, "அப்படியே விட்டா ஊறிடும்டி"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க, காலைல பாருங்க பாட்டின்னு சமாதானம் பண்ணிட்டு ராத்திரி பூரா விட்டோம்.

காலைல கார்டைக் கிட்டத்தட்ட படுக்க வச்சு, மரத்தோட ரேகை போற திசைலயே தள்ளினேன், முக்காவாசி சீவலா வந்துச்சு. பிளேடு எடுத்தாலும் எடுக்கலாம், ஆனா அதோட மூலை ஒரு தடவை குத்தினா கோடு நிரந்தரம். மிச்சம் ஒட்டியிருந்ததுக்கு 2000 நம்பர் வாட்டர் பேப்பரை ஒரு சின்ன மரக்கட்டைல சுத்தி, ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு, ரேகையோடயே மெதுவா. இருபது இழுப்புக்கு ஒரு தடவை துடைச்சுப் பாத்தேன். துணில மெரூன் வந்த வரைக்கும் தேய்க்கலாம், துணில பழுப்பு நிறம் வர ஆரம்பிச்சா நீங்க மேஜையோட பூச்சைத் தேய்க்கிறீங்கன்னு அர்த்தம், நிறுத்தணும். கடைசில கலர் போச்சு, ஆனா அந்த இடம் மங்கலா நின்னுச்சு. எண்ணெயை சோப்புத் தண்ணி தொட்டுப் பிழிஞ்ச துணியால எடுத்து, நல்லா காய விட்டு, ஹார்டுவேர் கடைல வாங்கின அரக்கு பாலிஷை துணிப் பொட்டலத்துல நனச்சு மூணு தடவை இழுத்தேன், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல அரை மணி நேரம். அரக்கு மேல அரக்கு போட்டா பழசு இளகி புதுசோட சேர்ந்துடும், அதனால ஒட்டு தெரியல. என்சியா இருந்திருந்தா இந்தக் கடைசி வேலையை பாலிஷ் போடுறவர்கிட்ட விட்டிருப்பேன், அதை ஸ்ப்ரே பண்ணினா தான் சமமா வரும்.

பூச்சே இல்லாத ஊஞ்சல் பலகை மாதிரின்னா அசிடோன் மரத்தைக் கெடுக்காது, ஆனா கரைஞ்ச கலரை ரேகைக்குள்ள இறக்கி விட்டுடும், தேக்குல இருக்கிற எண்ணெயையும் எடுத்து வெளிறின திட்டு விட்டுடும். அங்க காய விட்டு உரிச்சு, 120 நம்பர், அப்புறம் 220 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறது தான் சுத்தமா வரும், தேச்ச இடத்துல கொஞ்சம் எண்ணெய் தடவிடுங்க.

ஜெல் பாலிஷ்னா இதுல பாதி பொருந்தாது. லைட் படாம ஈரமா கொட்டினா வெயில் படுறதுக்கு முன்னாடி ஸ்பிரிட் தொட்டு எடுத்துடலாம், துணியா இருந்தா அதே மாதிரி மறைவான இடத்துல சாயம் சோதிச்சுட்டு, அரக்கு மேஜையா இருந்தா ஸ்பிரிட் தொடாம டிஷ்யூவால உறிஞ்சி எடுக்கிறதோட நிறுத்துங்க. விளக்குல இறுகினதுன்னா அசிடோன் அதை ஊறத்தான் வைக்கும், கரைக்காது, காட்டன்ல பத்து பதினஞ்சு நிமிஷம் நனச்ச பஞ்சை வச்சு ஊறினதை உரிக்கணும், மத்த துணில அவ்வளவு நேரம் வைக்க முடியாது.

வேலை முடிஞ்சதும் அந்த அசிடோன் பஞ்சையும் டிஷ்யூவையும் கிச்சன் குப்பைக் கூடைல சுருட்டிப் போடாதீங்க, மொட்டை மாடிலயோ பால்கனிலயோ பிரிச்சு விரிச்சு வச்சு, வாசனை முழுசா போய் விறைச்ச பிறகு போடுங்க.